கையொப்பமிடுமுன் புள்ளி போடுவோம்

2019ஆம் ஆண்டு தை மாதம் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தான அன்று மாலை, லயத்து வாசலில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "730 ரூபா 750 ஆகியிருக்கிறது. இருபது ரூபாவுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?" கேட்டவர்களின் கோபம் நியாயமானது. 1000 ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டுப் போராடியவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் கணக்கு முழுக் கணக்கு அல்ல.

2016 ஒப்பந்தத்தின் 730 ரூபாவில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டும். வருகைக்கு 60, கொழுந்து அளவை எட்டினால் 140, விலைப் பங்கு 30. 2019இல் அடிப்படை 700 ஆனது, விலைப் பங்கு 50 ஆனது, வருகைக் காசும் அளவுக் காசும் இல்லாமற் போயின. எல்லா நாளும் வேலைக்கு வந்து எல்லா நாளும் அளவை எட்டியவருக்குக் கூடியது 20 ரூபாதான். உடம்புக்கு முடியாமல் நாள் தவறி, காய்ச்சல் காலத்தில் அளவையும் எட்டாதவர்கள் முன்பு 530 ரூபாதான் பெற்றார்கள். அவர்களுக்குக் கூடியது 220. சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் நிர்வாகம் கட்டும் 15 வீதம் அடிப்படைச் சம்பளத்தின் மேல் வருவதால் அது 75இலிருந்து 105 ஆனது.

அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று இங்கே வாதாட வரவில்லை. ஒரே கடதாசி ஒருவருக்கு 20 ரூபாவாகவும் இன்னொருவருக்கு 220 ரூபாவாகவும் இருக்கும்போது, மொத்தத் தொகையை மட்டும் பார்த்து "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்ல முடியாது என்பதே என் வாதம். பல விடயங்கள் ஒன்றாகக் கட்டி வரும் பொதியை எடைபோட ஒரு தராசு வேண்டும். தோட்ட மட்டப் பேச்சுவார்த்தைக்குப் போகும் ஒவ்வொரு கமிட்டியும் அந்தத் தராசை மேசைக்குப் போகுமுன் தானே செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யும் கை கொழுந்து பறிக்கும் கையாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பாடசாலை விட்டபிறகு கணக்கு எழுதிக் கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள்.

அங்கே ஒரு பேருக்கு அளவு 18 கிலோ. நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 3 கிலோ கழிப்பார்கள். அளவுக்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபா. பன்னிரண்டு லயங்களின் கூரைத் தகரமும் ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. துரை அளவை 20 ஆக்கப் போவதாகப் பிரட்டுக்களத்தில் சொன்னதும் பிரச்சினை தொடங்கியது. கமிட்டி அளவை 16 ஆக்கக் கேட்டது. கழிவை 1 ஆக்கவும், மேலதிகக் கிலோவை 70 ரூபா ஆக்கவும், எல்லாக் கூரையும் மாற்றவும் கேட்டது. கொழுந்து கூடும் மாதங்களில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு எல்லோரும் கட்டாயம் வேலைக்கு வர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது.

முதல் சுற்றில் துரை வைத்த பொதி இது. அளவு 20, கழிவு அதே 3, மேலதிகக் கிலோவுக்கு நாங்கள் கேட்ட 70 ரூபா முழுதாக, எட்டு லயங்களுக்குப் புதிய தகரம், இரண்டு ஞாயிறு கட்டாயம்.

கமிட்டியில் பலருக்கு மகிழ்ச்சி. கேட்ட 70 முழுதாகக் கிடைத்ததே! தலைவர் ஒரு கொப்பியில் ஏற்கனவே புள்ளி போட்டு வைத்திருந்தார். மேலதிகக் கிலோவுக்கு 40, அளவுக்கு 20, கழிவுக்கு 15, கூரைக்கு 15, ஞாயிறுக்கு 10, ஆக மொத்தம் 100. அந்தக் கணக்கில் துரையின் பொதி 40உம் கூரைக்கு 10உம் பெற்று 50 புள்ளி. இன்று இருக்கும் நிலை 20 புள்ளி மட்டும். கையொப்பமிடலாம் என்றது கொப்பி.

தலைவர் புள்ளி போட்டது நல்ல வேலை. தவறு எங்கே என்றால், "எது முக்கியம்?" என்று பொதுவாகக் கேட்டு அவர் புள்ளி போட்டிருந்தார். காசு முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மேசையில் இருந்தது காசு முழுவதும் அல்ல, 50க்கும் 70க்கும் இடையிலுள்ள 20 ரூபாதான். புள்ளி விடயத்தின் பெயருக்குப் போடுவதல்ல, அந்த விடயத்தில் மிக மோசமான முடிவிலிருந்து மிக நல்ல முடிவு வரையுள்ள தூரத்துக்குப் போடுவது. தூரம் சிறியதானால், விடயம் எவ்வளவு பெரியதானாலும் புள்ளி சிறியதுதான்.

அன்று மாலை பிள்ளைக்காம்பரா திண்ணையில் மாதர் சங்கத்தினர் கூடினார்கள். நூறு புளியங்கொட்டைகளை எண்ணிப் பாயில் கொட்டினோம். நான் கேட்டது இதைத்தான். "அளவு 20, கழிவு 3, கிலோவுக்கு 50, ஒரு கூரையும் இல்லை, ஞாயிறும் கட்டாயம். எல்லாமே மோசமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்றை மட்டும் நல்ல முடிவுக்கு இழுக்கலாம் என்றால் எதை இழுப்பீர்கள்? அதற்கு அடுத்ததாக எது?"

ஒரு அக்கா உடனே சொன்னார்: "டீச்சர், கிலோவுக்கு 70 குடுத்தா என்ன, 100 குடுத்தா என்ன? எனக்குப் பேரே விழாதே!"

அவர் சொன்னதைக் கணக்காக எழுதிப் பார்த்தோம். அந்த மலைகளில் சாதாரண நாளில் பெரும்பாலான பெண்கள் கையால் பறிப்பது 22 கிலோ. இப்போது 3 கழித்து 19. அளவு 18 போக ஒரு கிலோ மேலதிகம், 50 ரூபா. அந்த 50ஐ 70 ஆக்கினால் நாளுக்குக் கூடுவது 20 ரூபா. கழிவை 1 ஆக்கினால் 21 கிலோ விழும், மூன்று கிலோ மேலதிகம், பழைய 50 ரூபாப்படியே 150. கூடுவது 100 ரூபா. துரையின் பொதிப்படி அளவு 20 ஆனால் பேர் விழவே 23 கிலோ பறிக்க வேண்டும். 22 கிலோ பறிப்பவருக்கு அரைப்பேர்தான். 70 ரூபா என்ற வரி அவர் கண்ணில் படவே படாது.

அங்கேதான் இன்னொன்றும் தெளிவானது. அளவு, கழிவு என்று இரண்டு வரியாக எழுதியிருந்தோம். கொழுந்து பறிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அளவில் ஒரு கிலோ குறைந்தாலும் கழிவில் ஒரு கிலோ குறைந்தாலும் கூடைக்குள் போக வேண்டியது ஒரு கிலோ குறைகிறது. ஒன்றை இரண்டாக எழுதினால், இரண்டு இடத்தில் புள்ளி போட்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். ஆகவே இரண்டையும் சேர்த்து "பேர் விழக் கையால் பறிக்க வேண்டியது" என்று ஒரே வரியாக்கினோம். மோசமான முடிவில் 23 கிலோ, நல்ல முடிவில் 17 கிலோ.

கொட்டைகளைப் பிரித்தபோது இந்த வரிக்கு 60 விழுந்தது. கூரைக்கு 20, மேலதிகக் கிலோவுக்கு 10, ஞாயிறுக்கு 10.

பிறகு ஒவ்வொரு வரிக்குள்ளும் படிகளைப் பிரித்தோம். ஆறு கிலோவுக்கு 60 என்றால் கிலோவுக்குப் பத்துப் பத்தாகப் போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பெண்கள் ஒப்பவில்லை. சாதாரண நாளில் 22 கிலோ கிடைக்கிறது, ஆகவே 23இலிருந்து 22க்கு இறங்கும் படி பேரைக் காப்பாற்றும் படி. காய்ச்சல் காலத்தில் 19 கிலோதான் கிடைக்கிறது, ஆகவே 20இலிருந்து 19க்கு இறங்கும் படியும் அப்படியே. மற்றப் படிகள் சில்லறைதான். கடைசியில் முடிவானது இப்படி:

பறிக்க வேண்டியது: 23 கிலோ 0, 22 கிலோ 16, 21 கிலோ 24, 20 கிலோ 34, 19 கிலோ 50, 18 கிலோ 55, 17 கிலோ 60.
கூரை: ஒன்றுமில்லை 0, மிக மோசமான 4 லயம் 12, எட்டு லயம் 17, பன்னிரண்டும் 20.
மேலதிகக் கிலோ: 50 ரூபா 0, 60 ரூபா 5, 70 ரூபா 10.
ஞாயிறு: கட்டாயம் 0, விரும்பியவர் மட்டும் 8, வேலையே இல்லை 10.

கூரையில் முதல் நான்கு லயத்துக்கே 12 விழுந்ததைப் பாருங்கள். அந்த நான்கில்தான் மழை இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த காம்பராவுக்கு ஓடுகிறார்கள்.

இந்தத் தராசில் முதலில் நிறுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொதியை அல்ல, உடன்பாடே இல்லாவிட்டால் நமக்கு மிஞ்சுவதை. இங்கே அது பழைய நிலை. அளவை மாற்ற விடாமல் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்து நிறுத்திவைக்கலாம் என்று மாவட்டப் பிரதிநிதி உறுதியாகச் சொன்னார். பழைய நிலையில் பறிக்க வேண்டியது 21 கிலோ, 24 புள்ளி. ஞாயிறு வேலை இல்லை, 10 புள்ளி. ஆக 34. இதுதான் நம் தரைமட்டம். இதற்குக் கீழான எந்தக் கடதாசியிலும் கையொப்பமிடுவதைவிட எழுந்து வந்துவிடுவது மேல்.

துரையின் பொதி? பறிக்க வேண்டியது 23 கிலோ, 0 புள்ளி. மேலதிகக் கிலோ 10, கூரை 17, ஞாயிறு 0. ஆக 27. தலைவரின் கொப்பியில் 50க்கு 20 என்று வென்ற அதே பொதி, திண்ணைக் கணக்கில் 27க்கு 34 என்று தோற்றது. தலைவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

ஒரு சங்கடமும் வந்தது. 30 கிலோ பறிக்கும் கைகள் சிலவும் அந்தத் தோட்டத்தில் உண்டு. அவர்களுக்கு இப்போது ஒன்பது கிலோ மேலதிகம், 450 ரூபா. துரையின் பொதிப்படி ஏழு கிலோவுக்கு 70 வீதம் 490. அவர்களுக்கு அது 40 ரூபா லாபம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே புள்ளி போட்டால் இப்படியான பிரிவு மறைந்துபோகும், பிறகு பிரட்டுக்களத்தில் நமக்குள்ளேயே சண்டையாக வெடிக்கும். ஆகவே வேகக் கைகளுக்கும் ஒரு தாளை எழுதிப் பார்த்தோம். கழிவு இரண்டு கிலோ குறைந்தால் அவர்களுக்கும் 100 ரூபா கூடுகிறது என்று அதில் தெரிந்தது. 40 ரூபாவுக்காகப் பிரிந்து போவதைவிட 100 ரூபாவுக்காகச் சேர்ந்து நிற்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். இரண்டு தாளிலும் ஏறும் வரியைத் தேடிப் பிடித்தால் ஒற்றுமையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை.

இரண்டாம் சுற்றில் நிர்வாகம் கொஞ்சம் இறங்கியது. அளவு பழைய 18, கழிவு 2, மேலதிகக் கிலோ பழைய 50, நான்கு லயத்துக்குத் தகரம், ஞாயிறு கட்டாயம். நம் கணக்கில் 34உம் 12உம், ஆக 46. தரைமட்டத்துக்கு மேல்தான். அப்போதே முடித்திருக்கலாம். ஆனால் பதில் பொதி ஒன்றை வைக்காமல் முடிப்பது, கொழுந்தைப் பாதியில் விட்டுவிட்டு மலையிறங்குவது போன்றது.

பதில் பொதி செய்ய நம் புள்ளி மட்டும் போதாது, எதிரே இருப்பவரின் புள்ளியையும் ஊகிக்க வேண்டும். துரை பேசியதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தோம். அளவைத் தொட்டால் கொழும்புக்கு எழுத வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். கழிவைப் பற்றி அப்படி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கழிவு அவர் கையில் இருக்கிறது. கூரைக்கு வேறு பணம் தேட வேண்டும். ஞாயிறு அவருக்கு மெய்யாகவே தேவை. கொழுந்து கூடும் காலத்தில் ஒரு சுற்றுப் பிந்தினால் கொழுந்து முற்றிப்போகும், ஸ்டோருக்குப் போனாலும் நல்ல தேயிலை வராது. நமக்கு ஞாயிறு கட்டாயமாவதுதான் வலி. விரும்பியவர் வருவதில் இழப்பு இரண்டு புள்ளிதான், ஒன்றரைப் பேர் கிடைப்பதால் வர விரும்புகிறவர்களும் பலர். நமக்கு மலிவாகவும் அவருக்கு அரிதாகவும் இருப்பதைக் கொடுத்து, அவருக்கு மலிவாகவும் நமக்கு அரிதாகவும் இருப்பதை வாங்க வேண்டும். புள்ளித் தாள் இல்லாவிட்டால் எது எது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் பாதிப் பாதி என்று பேரம் பேசியிருப்போம்.

மூன்றாம் சுற்றுக்கு ஒன்றல்ல, இரண்டு பொதிகளைக் கொண்டுபோனோம். முதலாவதில் அளவு 18, கழிவு 1, மேலதிகக் கிலோ 50, நான்கு லயம், ஞாயிறு விரும்பியவருக்கு. புள்ளி 70. இரண்டாவதில் அளவு 18, கழிவு 2, மேலதிகக் கிலோ 70, பன்னிரண்டு லயமும், ஞாயிறு விரும்பியவருக்கு. புள்ளி 72. திண்ணையில் போட்ட கணக்கில் இரண்டு புள்ளி வித்தியாசம் ஒரு வித்தியாசமே அல்ல. எதை எடுத்தாலும் நமக்குச் சரி. "ஐயா, இரண்டில் எது உங்களுக்கு இலகு?" என்று மட்டும் தலைவர் கேட்டார். துரை இரண்டாவதை உடனே ஒதுக்கிவிட்டு முதலாவதைக் கையில் எடுத்தார். கூரைப் பணமும் கிலோக் காசும்தான் அவருக்குக் கடினம், கழிவு அவ்வளவு இல்லை என்பது அவர் வாயால் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச வேண்டியது கழிவைப் பற்றி மட்டும்தான்.

மழை நாளில் கொழுந்து உண்மையாகவே ஈரமாக இருக்கிறது என்றார் அவர். மறுக்க முடியவில்லை. காய்ந்த நாளில் கழிவு 1, மழை நாளில் 2 என்று முடிந்தது. நாள்களில் பாதி மழை என்று வைத்தால் அந்த வரி 50க்கும் 34க்கும் நடுவே 42. கூரை 12, ஞாயிறு 8. ஆக 62. முதல் பொதியின் 27ஐயும் இரண்டாம் சுற்றின் 46ஐயும் நினைத்துக்கொண்டு கையொப்பமிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வாரத்தில் புகார் வந்தது. காலையில் பனி விழுந்தாலும் கணக்கப்பிள்ளை "மழை நாள்" என்று எழுதி 2 கிலோ கழிக்கிறார். மழை நாள் என்றால் எது, அதை யார் சொல்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. குற்றம் என்னுடையதும்தான். பாதி நாள் மழை என்று ஊகித்து 42 போட்டவள் நான். எல்லா நாளும் மழை என்று எழுதப்பட்டால் அந்த 42 வெறும் 34தான், முழுப் பொதியும் 54தான். பிறகு நிறுவைப் புத்தகத்தில் மாதர் சங்கத் தலைவியும் ஒப்பமிட்டால்தான் மழை நாள் செல்லும் என்று ஒரு கடிதம் வாங்க இன்னொரு மாதம் போனது. நிறுக்கும் இடத்தில் நின்று சரிபார்க்க முடியாத சொல்லுக்கு முழுப் புள்ளி போடக் கூடாது என்பதை அப்போது படித்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சட்டப்படி வரவேண்டியதை இந்தத் தாளில் எழுதவே கூடாது. சேமலாப நிதி நிலுவை, ஓய்வுபெற்றவரின் சேவைக்காலப் பணம், மருந்தடிப்பவரின் கையுறை, முகமூடி ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டால், அவற்றை வேறொன்றுக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். கழிவையும் தாளில் வைத்தது சரியா என்று அந்தத் திண்ணையிலேயே ஒரு அக்கா கேட்டார். சாக்கின் நிறைக்கு மேல் கழிப்பது நியாயமில்லை என்பதுதான் நம் நிலைப்பாடு, அதை நாம் கைவிடவில்லை. ஒப்பந்தத்திலும் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக எதுவும் எழுதவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை இன்னும் உறுத்துகிறது, அடுத்த தடவை அதைத் தனியாகவே கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, பொதியைப் பார்த்த பிறகு புள்ளியை மாற்றக் கூடாது. கையொப்பமிட ஆசை வந்துவிட்டால் 10ஐ 20 ஆக்கக் கை துடிக்கும். அதனால்தான் திண்ணையில் போட்ட தாளின் அடியில் எல்லோரிடமும் ஒப்பம் வாங்கி மாதர் சங்கத் தலைவியின் பெட்டியில் வைத்தோம். நிலைமை மெய்யாகவே மாறினால், எல்லோரையும் மறுபடி கூட்டிக் கொட்டைகளை மறுபடி கொட்ட வேண்டும். அந்தத் தாள் துரையின் கண்ணிலும் படக் கூடாது. நம் தரைமட்டம் 34 என்று தெரிந்தால் நமக்குக் கிடைப்பது 35தான்.

அடுத்த மாதம் உங்கள் தோட்டத்தில் அளவு பற்றியோ கழிவு பற்றியோ பேச்சு வரலாம். கமிட்டி மேசைக்குப் போகுமுன் ஒரு மாலை பிள்ளைக்காம்பரா திண்ணைக்குப் போகட்டும். புளியங்கொட்டைக்குச் செலவில்லை.